"மூணாவது கிளாஸ்ல ஆஃப் ஆகிடுச்சு கண்ணு!" – சித்தியின் லேப்டாப்பும் நான் எழுதிய ஒரு வரியும்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்கால். சித்தியிடமிருந்து போன்.

"கண்ணு, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க சித்தி."

"லேப்டாப் ஆஃப் ஆகிடுச்சு. மூணாவது கிளாஸ் பாதியில நிக்குது. நாள் முழுக்க சார்ஜ் நிக்கும்னு நீதானே எழுதியிருந்தே?"

ஆமாம், நான்தான் எழுதியிருந்தேன்.

சித்தி இருப்பது கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். பல வருடங்களாக வீட்டிலேயே இந்தி டியூஷன் எடுக்கிறார். இந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வார். கொரோனா காலத்தில் போனில் ஆரம்பித்த ஆன்லைன் வகுப்பு அப்படியே நிலைத்துவிட்டது. கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூடப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சனிக்கிழமைகளில் 10 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, 12 மணிக்கு ஒன்று என மூன்று வகுப்புகள். போன் திரையில் பன்னிரண்டு முகங்களைப் பார்த்துக் கண் வலி வந்த பிறகு, டியூஷன் பணத்தில் சேர்த்த 41,000 ரூபாயில் லேப்டாப் வாங்கினார். எதை வாங்குவது என்று முடிவு செய்ய அவர் படித்தது, எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் நான் எழுதிய 'பட்ஜெட் லேப்டாப்' கட்டுரையை.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 முதல் மாலை 4 மணி வரை கரன்ட் இருக்காது என்று முதல் நாளே பேப்பரில் வந்துவிட்டது. வழக்கமாக அப்படி வந்தால் சித்தி வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுவார். இந்த முறை மாற்றவில்லை. என் வரியை நம்பி, இரவே முழுதாக சார்ஜ் போட்டுவைத்து, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, வகுப்பை ஆரம்பித்திருக்கிறார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மூன்றாவது வகுப்புப் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். மீதியை அவர் மறுபடி போனிலேயே நடத்தி முடித்தார்.

சித்தி திட்டவில்லை. "ஏதாவது தப்பா அமுக்கிட்டனா கண்ணு?" என்றுதான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த வரி எப்படிப் பிறந்தது?

கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த லேப்டாப்புக்கு நான் எழுதியிருந்தவை இவைதான்:

12-ம் தலைமுறை ஐ3 பிராசஸர் – மின்னல் வேகம்!
8 ஜிபி ரேம் – தடையில்லாத மல்டி டாஸ்க்கிங்!
15.6 அங்குல ஃபுல் ஹெச்டி திரை – கண்ணைக் கவரும் காட்சி!
ஹெச்டி கேமரா – துல்லியமான வீடியோ கால்!
42 வாட் ஹவர் பேட்டரி – நாள் முழுக்கத் தாங்கும்!

எழுதியபோது எனக்கு இதில் பெருமை. வெறும் எண்களைக் கொட்டாமல், ஒவ்வொன்றாலும் வாசகருக்கு என்ன பயன் என்று சொல்லிவிட்டதாக நினைத்தேன். உண்மையில், கோட்டுக்கு இடதுபக்கம் கம்பெனி தந்த எண், வலதுபக்கம் நான் ஒட்டிய அலங்காரம். அவ்வளவுதான். 'மின்னல் வேகம்' என்பதை 20,000 ரூபாய் லேப்டாப்புக்கும் எழுதலாம், 2 லட்சம் ரூபாய் லேப்டாப்புக்கும் எழுதலாம். இரண்டுக்கும் பொருந்தும் வரி, வாங்குகிறவருக்கு எதையும் சொல்லவில்லை.

இதழியல் டிப்ளமோவில் முதல் வாரம் கற்றுக்கொடுத்தது, செய்தியில் யார், என்ன, எங்கே, எப்போது என்பது இருக்க வேண்டும் என்று. என் ஐந்து வரிகளில் 'என்ன' மட்டும்தான் இருந்தது. யார், எந்த இடத்தில் உட்கார்ந்து, எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்யப்போகிறார் என்பது எதிலுமே இல்லை.

பேட்டரி வரிக்கு மட்டும் ஒரு ஆதாரம் இருந்தது. கம்பெனி குறிப்பில் '10 மணி நேரம் வரை' என்று போட்டிருந்தார்கள். பத்து மணி நேரம் என்றால் ஒரு நாள்தானே என்று நான் 'நாள் முழுக்க' ஆக்கினேன். அந்த 'வரை' என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

பத்து மணி நேரம் எங்கே போனது?

அடுத்த வாரமே பஸ் ஏறி கோபிக்குப் போனேன். சித்தி காபி கொடுத்துவிட்டு, லேப்டாப்பையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் முன்னால் வைத்தார். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த விவரங்களை ஒவ்வொன்றாக நான் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் சித்தி கேட்டது ஒரே கேள்வி: "சரி, அதனால எனக்கென்ன?"

முதலில் பேட்டரி. '42 வாட் ஹவர்' என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது போன்ற கணக்கு. கரன்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஹவர். அப்படிப் பார்த்தால் இந்த பேட்டரியில் இருப்பது ஒரு யூனிட்டில் ஏறக்குறைய இருபத்து நான்கில் ஒரு பங்கு. 75 வாட் இழுக்கும் பழைய சீலிங் ஃபேனை இதில் ஓட்டினால் முக்கால் மணி நேரம்கூட ஓடாது.

தொட்டி எவ்வளவு நேரம் வரும் என்பது குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லேப்டாப் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால் வகுத்துவிடலாம். விண்டோஸ் லேப்டாப்பில் இதைப் பார்க்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இந்த ஒரு வரியை டைப் செய்தால் போதும்:

```
powercfg /batteryreport
```

`battery-report.html` என்ற ஒரு கோப்பு உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் திரையிலேயே காட்டும். அதைத் திறந்தால் `DESIGN CAPACITY` என்ற இடத்தில் பேட்டரி தயாரானபோது இருந்த கொள்ளளவும், `FULL CHARGE CAPACITY` என்ற இடத்தில் இன்று உண்மையில் எவ்வளவு கொள்கிறது என்பதும் இருக்கும். கடந்த சில நாட்களில் சார்ஜர் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடியது, அதில் எவ்வளவு செலவானது என்பதும் கீழே பட்டியலாக வரும்.

சித்தியின் லேப்டாப்பில் முதல் எண் 42,000, இரண்டாவது 40,800. இரண்டுமே மில்லிவாட் ஹவர் கணக்கு. வாங்கிச் சில மாதங்களில் இந்தச் சின்னக் குறைவு சாதாரணம்தான். அன்று சித்தியை சார்ஜர் இல்லாமல் ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தில் செலவானது 14,300.

இனி கணக்கு எளிது. சார்ஜ் சுமார் 5 சதவீதத்துக்கு வந்ததும் லேப்டாப் தன்னைத்தானே உறங்கவைத்துக்கொள்ளும். ஆகவே பயன்படுவது 38,760 மட்டும். அதை 14,300-ஆல் வகுத்தால் 2.7. அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 10 மணிக்கு ஆரம்பித்தால் 12.43-க்கு அணையும். சித்தி எனக்கு போன் செய்தது 12.45-க்கு.

சித்தி எதையும் தப்பாக அமுக்கவில்லை. லேப்டாப்பும் பழுதில்லை. தப்பு என் வரியில்தான்.

அப்படியானால் கம்பெனியின் பத்து மணி நேரம் பொய்யா? அதையும் வகுத்துப் பார்த்தேன். 42-ஐப் பத்தால் வகுத்தால் மணிக்கு 4.2 வாட் ஹவர். திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, லேப்டாப்பிலேயே சேமித்த ஒரு படத்தை ஓடவிட்டு, வேறு எதுவும் செய்யாமல் இருந்தால் அப்படி ஒரு எண் கிடைக்கலாம். பல கம்பெனிகள் அந்த மாதிரி சோதனையில்தான் நேரத்தை அளக்கின்றன. சித்தி செய்வதோ வேறு. கேமரா ஓடுகிறது, மைக் ஓடுகிறது, பன்னிரண்டு பிள்ளைகளின் படம் உள்ளே வருகிறது, தன் படம் வெளியே போகிறது, கூடவே பாடப் புத்தகத்தின் பிடிஎஃப். இதற்கு அதைவிட மூன்று மடங்குக்கு மேல் இழுக்கிறது. பத்து மணி நேரம் என்பது படம் பார்ப்பவரின் எண். நான் அதை டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதினேன்:

'முழு சார்ஜில் ஒரு மணி நேர வீடியோ வகுப்புகள் இரண்டை கரன்ட் இல்லாமலே முடிக்கலாம். மூன்றாவது வகுப்புக்கு சார்ஜர் வேண்டும்.'

"ரெண்டே முக்கால் மணி நேரம் வருதில்ல? ஏன் ரெண்டுன்னு குறைக்கற?" என்றார் சித்தி.

பேட்டரி வருடத்துக்கு வருடம் தேயும். அது 80 சதவீதமாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். 33,600-ல் உறங்கும் அளவு போக, அதே வகுத்தல்: சுமார் இரண்டே கால் மணி நேரம். அப்போதும் இரண்டு வகுப்பு நிச்சயம். வாங்கிய வாரத்தில் மட்டும் உண்மையாக இருக்கும் வரி, வாங்கியவருக்கு உதவாது.

கேமராவில் தொலைந்த எழுத்து

அடுத்தது கேமரா. பெட்டியில் '720பி ஹெச்டி' என்று இருந்தது. நான் 'துல்லியமான வீடியோ கால்' என்று எழுதியிருந்தேன்.

"அது துல்லியமா கண்ணு?" என்று சிரித்தார் சித்தி.

இந்தியில் வீட்டைக் குறிக்கும் 'கர்' என்ற சொல்லின் முதல் எழுத்தும், செல்வத்தைக் குறிக்கும் 'தன்' என்ற சொல்லின் முதல் எழுத்தும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் மேல் கோடு முழுதாக ஓடும், மற்றதில் இடதுபக்கம் சின்னதாக விட்டுப் போகும். வித்தியாசம் அவ்வளவுதான். சித்தி தன் பின்னால் சுவரில் மாட்டிய வெள்ளை போர்டில் எழுதிக் காட்டுவார். லேப்டாப்புக்கு மாறியதிலிருந்து பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். அவர்களுக்குக் கவனம் குறைந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேரைக் கண்டித்தும் இருக்கிறார்.

720பி என்பது குறுக்கே 1,280 புள்ளி, நெடுக்கே 720 புள்ளி. பெருக்கினால் மொத்தம் 9 லட்சத்துச் சொச்சம். சாதாரண போனில் வரும் 8 மெகாபிக்சல் முன் கேமராவிலேயே 80 லட்சம். வீடியோ கால் மென்பொருள், இணைய வேகத்துக்கு ஏற்றபடி படத்தை இன்னும் சுருக்கும். முகம் திரையின் நடுவில் பெரிதாக இருப்பதால் அது நன்றாகத்தான் தெரியும். நான்கு அடி பின்னால் இருக்கும் போர்டில் விரல் அளவு எழுத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் மிகக் குறைவு. மேல் கோட்டில் இருக்கும் இடைவெளி அதில் அடைந்துபோகும்.

இன்னொரு குழப்பமும் அப்போதுதான் தெரிந்தது. என் கட்டுரையில் 'ஃபுல் ஹெச்டி திரை', 'ஹெச்டி கேமரா' இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் ஒன்றுதான் என்று சித்தி நினைத்துவிட்டார். ஒன்று அவர் பார்ப்பது, இன்னொன்று பிள்ளைகள் பார்ப்பது. புள்ளிக் கணக்கில் முதலாவது இரண்டாவதைவிட இரண்டேகால் மடங்கு. தன் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால், பிள்ளைகளுக்கும் அப்படியே தெரியும் என்று நம்பியிருந்தார்.

புது வரி: 'பேசும்போது உங்கள் முகம் தெளிவாகத் தெரியும். பின்னால் இருக்கும் போர்டில் எழுதினால் சின்ன எழுத்துகள் பிள்ளைகளுக்குத் தெரியாது.'

இந்த வரியைப் படித்ததும் சித்தியின் மகள், என் தங்கை, தன் போனை ஸ்டாண்டில் மாட்டி அதே வகுப்பில் இரண்டாவது ஆளாக இணைத்து, போர்டுக்கு நேராகத் திருப்பிவைத்துவிட்டாள். பிரச்னை என்னவென்று தெரிந்துவிட்டால் வழியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 'துல்லியம்' என்ற ஒரு சொல்தான் இவ்வளவு நாள் அதை மறைத்துவைத்திருந்தது.

வாசல் வெளிச்சமும் சின்ன துவாரமும்

மின்தடை நாளில் வீட்டுக்குள் இருட்டு, அதனால் சித்தி திண்ணையில் உட்கார்ந்துதான் வகுப்பு எடுத்தார். அங்கே திரை மங்கலாக இருந்ததால் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிவைத்திருந்தார். பேட்டரி வேகமாக இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் '250 நிட்ஸ்' என்று இருந்தது. திரை அதிகபட்சம் எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதன் அளவு அது. என் கட்டுரையில் இந்த எண்ணையே நான் சேர்க்கவில்லை, எனக்கு அது என்னவென்று தெரியாததால். டியூப்லைட் போட்ட அறைக்கு 250 போதும். பகல் வெளிச்சம் விழும் வாசலுக்குப் போதாது. ஆகவே: 'அறைக்குள் தெளிவாகத் தெரியும். வாசலிலோ ஜன்னலோரமோ உட்கார்ந்தால் மங்கும்.'

கூடவே '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று ஒரு குறிப்பு. திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பது அது. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களுக்கான வழக்கமான நிற அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இந்தத் திரையில் வரும். இந்தி எழுத்துக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சித்தியின் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார். அவர் இதே லேப்டாப்பை வாங்கி, திரையில் தெரியும் நிறத்தை நம்பி 'அரக்கு' என்றோ 'மெரூன்' என்றோ எழுதி அனுப்பினால், திரும்பி வரும் பார்சலுக்கு அவர்தான் பணம் கட்ட வேண்டும். ஒரே எண், ஒருவருக்கு ஒன்றுமில்லை, இன்னொருவருக்கு நஷ்டம்.

பிறகு டைப்-சி துவாரம். பெட்டியில் 'யூஎஸ்பி டைப்-சி' என்றிருந்ததைப் பார்த்து, அன்று பேட்டரி அணைந்ததும் தங்கை தன் போனின் பவர் பேங்க்கை அதில் செருகிப் பார்த்திருக்கிறாள். சார்ஜ் ஏறவில்லை. துவாரத்தின் உருவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா டைப்-சியும் லேப்டாப்புக்கு சார்ஜ் ஏற்றாது. ஏற்றும் என்றால் விவரப் பட்டியலில் 'பவர் டெலிவரி' என்று தனியாகச் சொல்லியிருப்பார்கள். இதில் அப்படி இல்லை, 'டேட்டா மட்டும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதற்கான வரி: 'பென்டிரைவ் போடலாம், போன் சார்ஜரோ பவர் பேங்க்கோ போட்டால் சார்ஜ் ஏறாது.'

எழுதாமல் விட வேண்டிய வரிகள்

மீதி இருந்தவற்றில் சிலவற்றுக்கு சித்தியின் கேள்விக்கு என்னால் பதிலே சொல்ல முடியவில்லை. 'வைஃபை 6' என்றேன். "அதனால எனக்கென்ன?" என்றார். அவர் வீட்டு ரூட்டர் பழைய தலைமுறை. மின்தடை நாளில் அதுவும் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். ரூட்டரை மாற்றும்வரை அந்த 6-ஆல் அவருக்குப் பெரிய பயன் இல்லை. இல்லாத பயனை உருவாக்கி எழுதுவதைவிட, அந்த வரியை விட்டுவிடுவதே சரி.

ரேமுக்கு மட்டும் பதில் இருந்தது. வகுப்பு நடக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். விண்டோஸ், வீடியோ வகுப்பு, பிடிஎஃப், ஐந்து பிரவுசர் டேப், எல்லாம் சேர்ந்து 8 ஜிபியில் ஆறரை ஜிபி. ஆகவே 'தடையில்லாத மல்டி டாஸ்க்கிங்' போய், 'வகுப்பு, பாடப் புத்தகம், ஐந்தாறு இணையப் பக்கங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாம்' என்று ஆனது. பிராசஸரையும் அந்த வரியிலேயே அடக்கிவிட்டேன். எத்தனை கோர் என்று தெரிந்து சித்திக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வகுப்பு திக்காமல் ஓடுகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். ஓடியது.

அலுவலகத்தில்

திங்கட்கிழமை திருத்திய கட்டுரையை டெஸ்க் பொறுப்பாளர் அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லா வரியிலயும் 'முடியாது', 'தெரியாது', 'ஏறாது'ன்னு வருதே. இதைப் படிச்சுட்டு யாராவது வாங்குவாங்களா?"

எங்கள் கட்டுரைகளின் கீழே கடை லிங்க் இருக்கும். யாரும் வாங்காவிட்டால் டெஸ்க்குக்கு அது ஒரு கேள்வியாகத்தான் வரும். அதனால் அவர் கேட்டது நியாயம். நான் சித்தியின் சனிக்கிழமையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, நம்ம ப்ரூஃப் ரீடர் சார்கிட்ட படிக்கக் கொடு. அவருக்குப் புரிஞ்சா போடலாம்" என்றார்.

சாருக்கு வயது அறுபதுக்குப் பக்கம். 'புரிஞ்சுதா சார்?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிஞ்சுது' என்றுதான் சொல்வார்கள். அதனால், படித்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கேமரா, டைப்-சி எல்லாம் சரியாகச் சொன்னார். பேட்டரி வரிக்கு வந்ததும், "அப்ப கரன்ட் போனாலும் என் பேரன் ரெண்டு மணி நேரம் கேம் ஆடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேம் ஆடினால் லேப்டாப் வீடியோ வகுப்பைவிட அதிகமாக இழுக்கும். மணிக்கு 28 வாட் ஹவர் என்று வைத்தால்கூட ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வரும். நான் 'வீடியோ வகுப்பு' என்று எழுதியிருந்தும் அவர் கண்ணில் பட்டது 'இரண்டு' என்ற எண் மட்டும்தான். மறுபடி மாற்றினேன்:

'கரன்ட் இல்லாதபோது: வீடியோ வகுப்பு என்றால் இரண்டு மணி நேரம். பாடம் டைப் செய்வது, படிப்பது என்றால் இன்னும் அதிக நேரம் வரும். கேம் என்றால் ஒரு மணி நேரம்.'

இப்போது சார் திருப்பிச் சொன்னது சரியாக இருந்தது. "பேரனுக்கு ஒரு மணி நேரமே ஜாஸ்தி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா கட்டுரையைப் போட ஒப்புக்கொண்டார். பழைய கட்டுரையின் மேலேயும் ஒரு திருத்தக் குறிப்பு சேர்த்தோம்: 'இந்த லேப்டாப்பின் பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும் என்று முன்பு எழுதியிருந்தது தவறு.' அதை டைப் செய்யும்போது கை கொஞ்சம் கூசியது. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்து வாங்கியவர் சித்தி ஒருவராக மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

லிங்க்கை சித்திக்கு அனுப்பினேன். இரவு போன் செய்தார். தங்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"இப்படி எழுதியிருந்தா நீங்க இதை வாங்கியிருக்க மாட்டீங்கல்ல சித்தி?" என்று கேட்டேன். மனதில் உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

"ஏன் வாங்க மாட்டேன்? என்கிட்ட இருந்த பணத்துக்கு இதுதான் கண்ணு வந்திருக்கும்" என்றார். "மூணாவது கிளாஸை மட்டும் சாயங்காலம் கரன்ட் வந்ததுக்கப்புறம் வெச்சிருப்பேன்."